விடியற்காலை இரண்டு கிளாஸ் பாலும் இறங்காத கொலஸ்ட்ராலும்

சுங்கை சிப்புட்டில் மருந்துக் கடை வைத்திருப்பவனிடம் பாதிப் பேர் மருந்து வாங்க வருவதில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்ட வருகிறார்கள். கிளினிக்கில் டாக்டர் சொன்னதை இன்னொரு முறை நம் பாஷையில் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கதையில் வருபவரும் அப்படித்தான் வந்தார். வயது 58. செம்பனைத் தோட்டத்திலிருந்து ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் லோரியை முப்பது வருஷம் ஓட்டியவர். பெயர் வேண்டாம், லோரிக்காரர் என்றே சொல்கிறேன். சொல்லிக்கொள்ளலாம் என்று அவரே சம்மதம் தந்த பிறகுதான் எழுதுகிறேன்.

அவர் சீட்டைக் காட்டவில்லை. ஒரு பால்மாவு டின்னைக் கவுண்டர் மேல் டொக்கென்று வைத்தார்.

“தம்பி, இது ஏமாத்து வேலை. ரெண்டு மாசமா குடிக்கிறேன். ஒண்ணும் இறங்கல.”

டின்னில் ‘ஸ்தெரோல் தும்புஹான்’ என்று மலாயில் பெரிதாகப் போட்டிருந்தது. தாவர ஸ்டெரால், செடிகளில் இருக்கும் கொலஸ்ட்ரால் மாதிரியான ஒரு பொருள். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி அனுப்பியது. கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது, மூன்று மாதம் சாப்பாட்டைச் சரிசெய்து பாருங்கள், அப்புறம் மாத்திரையைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டர் சொன்னதும் மகன் செய்த ஏற்பாடு. சரி, சீட்டுகளைக் கொண்டு வாருங்கள் அண்ணே என்றேன். சட்டைப் பையில் இரண்டையும் நாலாக மடித்து வைத்திருந்தார்.

சீட்டில் இருந்தது

முதல் சீட்டு, பால் தொடங்குவதற்கு முன்பு: மொத்தக் கொலஸ்ட்ரால் 6.5, நல்லது என்று சொல்லும் எச்டிஎல் 1.2, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 1.5. எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. கெட்டது என்று நாம் சொல்லும் எல்டிஎல்லைப் பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் நேராக அளப்பதில்லை, கழித்துத்தான் எடுக்கின்றன. டிரைகிளிசரைடை 2.2-ஆல் வகுத்து, அதையும் எச்டிஎல்லையும் மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். 1.5-ஐ 2.2-ஆல் வகுத்தால் 0.7. ஆக 6.5-இல் 1.2-ஐயும் 0.7-ஐயும் கழித்தால் எல்டிஎல் 4.6.

எட்டு வாரம் கழித்து எடுத்த இரண்டாவது சீட்டில் எல்டிஎல் 4.5.

4.6-இலிருந்து 4.5-க்கு வந்திருக்கிறதே, கொஞ்சமாவது இறங்கியிருக்கிறதே என்று ஆறுதல் சொல்லலாம். நான் சொல்லவில்லை. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, எதையும் மாற்றாமல் இரண்டு வாரம் விட்டு இரண்டு முறை ரத்தம் கொடுத்தாலே எல்டிஎல் ஏழெட்டு சதவீதம் மேலும் கீழும் ஆடும். 4.6 வைத்திருப்பவருக்கு 0.3 அளவு ஆட்டம் சாதாரணம். ஆகவே 0.1 இறக்கத்துக்கு அர்த்தம் எதுவும் இல்லை. லோரிக்காரர் சொன்னது சரி: ஒன்றும் இறங்கவில்லை.

ஆனால் ஏமாற்று வேலை என்று அவர் சொன்னது சரியா? தாவர ஸ்டெரால் ஒரு நாளைக்கு 2 கிராம் போனால் எல்டிஎல் 8 முதல் 10 சதவீதம் இறங்கும் என்பது பல நாடுகளில், பல வகை ஆட்களிடம், திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த விஷயம். ஊட்டச்சத்து விஷயத்தில் இவ்வளவு ஒத்துப்போகும் முடிவு அபூர்வம். அப்படியானால் இவர் விஷயத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

மூன்று டின்

எப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பல் தேய்த்துவிட்டு, இரண்டு கிளாஸ் பால் அடுத்தடுத்து. லோரி ஓட்டிய காலத்துப் பழக்கம். வேலை நின்ற பிறகும் உடம்பு ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறது. அப்புறம் ஒன்பதரை மணிக்கு ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய், தே தாரிக். மத்தியானம் வீட்டுச் சோறு. ராத்திரியும் சோறுதான்.

எட்டு வாரத்தில் எத்தனை டின் முடிந்தது என்று கேட்டேன். மூன்று என்றார்.

டின்னைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கிளாஸுக்கு நாலு கரண்டி மாவு, அதில் 1 கிராம் ஸ்டெரால், நாளைக்கு இரண்டு கிளாஸ். அந்தக் கணக்கில் ஒரு டின் பத்து நாளைக்குத்தான் வரும். எட்டு வாரத்துக்கு 56 நாள்; ஐந்தரை டின்னாவது காலியாகியிருக்க வேண்டும். மூன்றுதான் காலி.

“நாலு கரண்டி போட்டா ரொம்ப தித்திப்பா, கெட்டியா இருக்கு தம்பி. அவ ரெண்டு கரண்டிதான் போடுவா.”

ஆக ஒரு கிளாஸில் பாதி அளவு. ஒரு நாளைக்குப் போனது 2 கிராம் இல்லை, 1 கிராம். அதுவும் வெறும் வயிற்றில். இப்படிப் பாதி அளவோடு ஓடுவது நான் அடிக்கடி பார்ப்பது. பால்மாவைச் சத்து மாவு போல நினைக்கிறோம். கொஞ்சம் குறைந்தால் கொஞ்சம் குறைந்த சத்து, அவ்வளவுதானே என்று. மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டால் யாராவது கேட்பார்கள். கரண்டியை யாரும் எண்ணுவதில்லை.

அளவு குறைந்தால் பலன் குறையும், அது எல்லாருக்கும் புரியும். வெறும் வயிற்றில் குடித்தால் என்ன குறைந்துவிடும் என்பதற்குக் குடலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

முட்டையே சாப்பிடாதவருக்கு எங்கிருந்து கொலஸ்ட்ரால்

லோரிக்காரருக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. முட்டையை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது, ஆட்டிறைச்சி தீபாவளிக்கு மட்டும், சமைக்கிற எண்ணெய்ப் போத்தலில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருக்கிறது. “உள்ளே போகாத சாமான் எப்படி ரத்தத்தில் இருக்கும்?”

நல்ல கேள்வி. குடலுக்குள் ஒரு நாளில் வந்து சேரும் கொலஸ்ட்ராலில் சாப்பாட்டிலிருந்து வருவது சின்னப் பங்குதான், சராசரியாக 200, 300 மில்லிகிராம். அதைப் போல மூன்று நாலு மடங்கு, கிட்டத்தட்ட 1 கிராம், நம்முடைய ஈரலே பித்தநீர் வழியாகக் குடலுக்குள் கொட்டுகிறது. கொட்டியதில் ஏறக்குறைய பாதியைக் குடல் திரும்ப உறிஞ்சி உடம்புக்குள் அனுப்பிவிடுகிறது. இந்தப் பாதி என்பது ஆளுக்கு ஆள் நிறைய மாறும். சிலர் உடம்பு மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுக்கும், சிலர் உடம்பு மூன்றில் இரண்டைக்கூட எடுத்துக்கொள்ளும். முட்டையே தொடாத சைவக்காரர் குடலிலும் கொலஸ்ட்ரால் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. தாவர ஸ்டெரால் மறிப்பது முட்டைக் கொலஸ்ட்ராலை மட்டும் இல்லை. இந்தச் சொந்தச் சரக்கு திரும்ப உள்ளே போவதையும் சேர்த்துத்தான்.

எப்படி மறிக்கிறது? கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. குடலின் உள்சுவரை ஒட்டித் தண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் குடல் செல்லைத் தொட முடியும். தனியாக வந்தால் முடியாது, ஒரு வண்டி வேண்டும். சாப்பாடு வயிற்றுக்குள் போய், அதிலுள்ள கொழுப்பு சிறுகுடலை எட்டியதும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைப் பீய்ச்சுகிறது. அந்தப் பித்தநீரில் இருக்கும் பித்த உப்பும் லெசித்தினும், செரித்து உடைந்த கொழுப்பும் ஒன்றாகக் கூடிச் சின்னஞ்சிறு உருண்டைகளாகின்றன. மைசெல் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பங்கு அளவுதான் இருக்கும் ஒரு மைசெல். இந்த வண்டியில் ஏறித்தான் கொலஸ்ட்ரால் செல்லின் வாசலுக்குப் போகிறது.

வண்டியில் இடம் குறைவு. முன்பெல்லாம் விடிகாலையில் தோட்டத்து லோரியில் ஆள் ஏற்றிப் போவார்களே, அது மாதிரி. முதலில் தொற்றிக்கொண்டவருக்கு இடம், மற்றவர் சாலையிலேயே நிற்க வேண்டியதுதான். தாவர ஸ்டெரால் ஏறக்குறைய கொலஸ்ட்ராலைப் போலவே இருக்கும் மூலக்கூறு. அதே நாலு வளையம், அதே மாதிரி வால். சிட்டோஸ்டெரால் என்பதில் அந்த வாலில் 24-ஆம் கார்பனில் இரண்டு கார்பன் கூடுதலாக ஒட்டியிருக்கும். கேம்பெஸ்டெராலில் ஒரு கார்பன் கூடுதல். அந்தச் சின்னக் கூடுதலால் சிட்டோஸ்டெராலுக்குத் தண்ணீர் இன்னும் ஆகாது, ஆகவே மைசெல்லுக்குள் கொலஸ்ட்ராலைவிட நன்றாக ஒட்டிக்கொள்கிறது. அது ஏறிய இடத்தில் கொலஸ்ட்ராலுக்கு இடமில்லை. இடம் கிடைக்காத கொலஸ்ட்ரால் படிந்து, கடைசியில் மலத்தோடு வெளியே போகிறது. இப்படிக் குடல் உறிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று அவரிடம் சொன்னேன்.

வெறும் வயிற்றில் குடித்த பாலுக்கு வருவோம். ஐந்து மணிக்கு ஸ்டெரால் மட்டும் வந்து சேருகிறது. கொழுப்பு குறைந்த பால், அதுவும் பாதி மாவு போட்டது. பித்தப்பை பெரிதாகச் சுருங்க அதில் ஒன்றுமில்லை. கொலஸ்ட்ரால் கூட்டமாக வருவது ஒன்பதரை மணி ரொட்டி சானாயோடும், மத்தியானச் சோற்றோடும். அதற்குள் இந்தப் போட்டியாளரில் பெரும் பகுதி கீழே இறங்கிப் போயிருக்கும். அதற்காக வெறும் வயிற்றில் குடித்தால் பலனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்டெரால் கலந்த தயிர் பானத்தை வைத்து இதையே சோதித்தபோது, சாப்பாட்டோடு குடித்தவர்களுக்கு எல்டிஎல் 9 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. சாப்பாடு இல்லாமல் குடித்தவர்களுக்கு 5 முதல் 7 சதவீதம். லோரிக்காரருக்கு அளவு பாதி, அதற்கு மேல் நேரமும் தப்பு. கணக்குப் போட்டால் அவருக்கு இறங்கியிருக்க வேண்டியதே மூன்று சதவீதம் சொச்சம்தான். அது ரத்தச் சீட்டின் சாதாரண ஆட்டத்துக்குள் காணாமல் போய்விடும்.

உள்ளே நுழைந்த ஸ்டெரால் என்ன ஆகிறது

வண்டியில் ஏறிய ஸ்டெரால் நம் உடம்புக்குள் போய்விடாதா என்று கேட்கலாம். இங்கே குடல் செல் செய்யும் வேலைதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். வாசலில் நிற்கும் காவல்காரர் ஒரு புரதம், என்பிசி1எல்1 என்று பெயர். 2004-இல்தான் இதன் வேலை தெரிய வந்தது. எசெடிமைப் என்ற மாத்திரை அடைப்பது இந்த வாசலைத்தான். இந்தக் காவல்காரர் கொலஸ்ட்ராலையும் விடுவார், தாவர ஸ்டெராலையும் விடுவார். வாசலில் பெரிய பாகுபாடு இல்லை.

பாகுபாடு உள்ளே போன பிறகுதான். கொலஸ்ட்ராலை உடனே ஒரு கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துக் கட்டி, மூட்டையில் போட்டு, நிணநீர் வழியாக அனுப்பிவிடுகிறது செல். கட்டிப்போடும் நொதிக்குச் சிட்டோஸ்டெரால் கைக்கு வசப்படுவதில்லை. கட்டாமல் சும்மா நிற்பதை இரண்டு புரதங்கள் சேர்ந்து பம்ப் போல மறுபடி குடலுக்குள்ளேயே தள்ளிவிடுகின்றன. ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்று அவற்றுக்குப் பெயர். ஆகவே கொலஸ்ட்ராலில் நூறில் ஐம்பது உடம்புக்குள் போகும் இடத்தில், தாவர ஸ்டெராலில் நூறுக்கு ஐந்துகூடப் போவதில்லை.

இந்தப் பம்ப் பிறவியிலேயே பழுதானவர்கள் மிக மிக அரிதாக இருக்கிறார்கள். 1974-இல் இரண்டு சகோதரிகளிடம் முதலில் கண்டுபிடித்தார்கள். குதிகால் தசைநாணில் கொழுப்புக் கட்டிகள், ஆனால் கொலஸ்ட்ரால் அளவு பெரிதாக இல்லை. ரத்தத்தில் குவிந்திருந்தது தாவர ஸ்டெரால். சிட்டோஸ்டெரோலீமியா என்று இதற்குப் பெயர். அவர்களுக்கு இந்தப் பால் விஷம் மாதிரி. சின்ன வயதிலேயே முழங்கை, குதிகாலில் மஞ்சள் கட்டி இருக்கிறது என்று யாராவது வந்தால் நான் டின்னை விற்பதில்லை, டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன். லோரிக்காரர் கையையும் காலையும் பார்த்தேன். பழைய லோரித் தழும்புகள்தான் இருந்தன.

மைசெல் போட்டியே முழுக்கதை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டெராலை மூன்று வேளைக்கும் பங்கிட்டுக் கொடுத்தாலும், ஒரே வேளையில் மொத்தமாகக் கொடுத்தாலும், சாப்பாட்டோடு இருந்தால் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கண்டிருக்கிறார்கள். வெறும் இடம்பிடிக்கும் போட்டியாக இருந்தால் மத்தியானம் மட்டும் சாப்பிட்ட ஸ்டெரால் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடக்கூடாது. குடல் செல்லுக்குள் போய்வரும் அந்தக் கொஞ்ச நேரத்திலும் அது ஏதோ செய்கிறது, கொலஸ்ட்ராலைத் திரும்பத் தள்ளும் வேலையைத் தூண்டுகிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

மாற்றியதும் நடந்ததும்

மாற்றியது இரண்டே விஷயம். நாலு கரண்டி போட வேண்டும். தித்திப்பு அதிகம் என்றால் தண்ணீரைக் கூட்டுங்கள், மாவைக் குறைக்காதீர்கள். ஒரு கிளாஸ் மத்தியானச் சோறு முடியும்போது, இன்னொன்று ராத்திரிச் சோற்றோடு. ஐந்து மணிக்குத் தொண்டை காய்ந்தால் வெறும் கோப்பி ஓ.

வேறு எதையும் மாற்றாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். டாக்டர் சொன்ன சாப்பாட்டு மாற்றங்களை அவர் முன்பே செய்திருந்தார். புதிதாக எண்ணெயை மாற்றி, நடைப்பயிற்சி தொடங்கி, பூண்டு மாத்திரையும் சேர்த்துவிட்டால், இறங்கினாலும் எதனால் இறங்கியது என்று தெரியாது.

ஆறு வாரம் கழித்து எல்டிஎல் 4.1. நாலு வாரம் விட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன், 4.2. முன்பு எடுத்த இரண்டின் சராசரி 4.55, பின்பு எடுத்த இரண்டின் சராசரி 4.15. இறக்கம் 9 சதவீதம். ஒரு சீட்டு பொய் சொல்லலாம். இரண்டு இரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் பொய்க்கு இடம் குறையும். எச்டிஎல் 1.2-இலேயே நின்றது, டிரைகிளிசரைடும் அசையவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும், ஸ்டெரால் தொடுவது எல்டிஎல்லை மட்டும்தான். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கியிருந்தால் வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

அப்புறம் நாங்கள் திட்டமிடாத ஒரு சோதனையும் நடந்தது. தீபாவளிக்குப் பினாங்கில் தங்கச்சி வீட்டுக்குப் போனவர் அங்கேயே ஒரு மாதம் தங்கிவிட்டார். டின்னை எடுத்துப் போகவில்லை. திரும்பி வந்து எடுத்த சீட்டில் எல்டிஎல் 4.6. பலகாரமும் ஆட்டிறைச்சியும் அதில் பங்கு வாங்கியிருக்கும், முழுவதையும் ஸ்டெரால் மேல் போட முடியாது. இருந்தாலும் இது விட்டால் திரும்பிவிடும் சாமான் என்பது தெரிந்ததே. உடம்பில் சேர்த்துவைக்கும் மருந்து இல்லை. அன்றைய சாப்பாட்டுக்கு அன்றைய போட்டி.

லோரிக்காரருக்கு 9 சதவீதம் குறைவாகப் பட்டது. “கொலஸ்ட்ரால் உறிஞ்சுறத மூணில் ஒரு பங்கு குறைக்கும்னு சொன்னீங்க. இறங்கினது பத்தில் ஒரு பங்குகூட இல்லையே?” கணக்கு சரியாகத்தான் கேட்டார். குடலிலிருந்து வரும் சரக்கு குறைந்தால் ஈரல் சும்மா இருக்காது. ஒரு பக்கம் ரத்தத்திலிருக்கும் எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கக் கூடுதல் கைகளை நீட்டுகிறது. அது நமக்கு நல்லது, எல்டிஎல் இறங்குவது அதனால்தான். இன்னொரு பக்கம் தன் சொந்த உற்பத்தியையும் கூட்டிவிடுகிறது; அது பலனில் பெரும் பகுதியைத் தின்றுவிடுகிறது. அளவைக் கூட்டினாலும் பிரயோஜனம் இல்லை. 2 கிராமுக்கு மேல் கூடும் பலன் சொற்பம், 3 கிராமோடு கிட்டத்தட்ட நின்றுவிடும்.

எள்ளும் எண்ணெயும்

அவர் மனைவியின் கேள்வி வேறு. எள்ளு, கச்சான், பருப்பு, கீரை எல்லாவற்றிலும் இது இருக்கிறதென்றால் டின் எதற்கு?

சாதாரண சாப்பாட்டில் ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிகிராம் தாவர ஸ்டெரால் போகிறது. அவர்கள் வீட்டுச் சாப்பாட்டை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வெள்ளை அரிசியில் ஒன்றும் பெரிதாக இல்லை. கீரை, காய் கால் கிலோ சாப்பிட்டால் முப்பது நாற்பது மில்லிகிராம். ஒரு பிடி கச்சானில் ஐம்பது. எள் நல்ல சரக்கு, நூறு கிராமுக்கு 400-க்குக் குறையாது. ஆனால் 2 கிராம் ஸ்டெரால் வேண்டுமென்றால் தினமும் கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை எள் தின்ன வேண்டும். அது நடக்கிற காரியமா?

பெரிய வித்தியாசம் எண்ணெயில். நாம் தோட்டத்தில் விளைவித்து, நாமே லோரியில் ஏற்றி அனுப்பிய செம்பனை எண்ணெயில் இந்தச் சாமான் மிகக் குறைவு, நூறு கிராமில் அறுபது மில்லிகிராம் அளவுக்குத்தான். போத்தலில் போட்டிருக்கும் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ உண்மைதான். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் இதில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு, அது எல்டிஎல்லை ஏற்றும் பக்கம். இதைச் சொன்னபோது லோரிக்காரர் முகம் சற்று வாடியது. முப்பது வருஷம் சோறு போட்ட மரம் அல்லவா. சோள எண்ணெயிலும் தவிட்டு எண்ணெயிலும் நூறு கிராமுக்கு 800 முதல் 1000 மில்லிகிராம், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். ஒரு நாள் சமையலுக்கு 30 கிராம் தவிட்டு எண்ணெய் உள்ளே போனால் அதிலேயே 300 மில்லிகிராம் ஸ்டெரால்.

அந்த 300-க்கு மதிப்பு இருக்கிறதா? இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். சோள எண்ணெயிலிருந்து ஸ்டெராலை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் செய்த சாப்பாட்டைக் கொடுத்து, அடையாளம் போட்ட கொலஸ்ட்ரால் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். சாதாரண சோள எண்ணெயைவிட 38 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்பட்டது. எடுத்த ஸ்டெராலில் 150 மில்லிகிராமைத் திருப்பிக் கலந்தபோது உறிஞ்சுவது 12 சதவீதம் குறைந்தது, 300 கலந்தபோது 28 சதவீதம். ஒரு வேளைச் சாப்பாட்டில் அளந்தது இது. நீண்ட நாளில் எல்டிஎல் எவ்வளவு இறங்கும் என்பதை இது சொல்லாது. ஆனாலும் சமையலறையில் நடக்கக்கூடிய அளவு என்பதால் எனக்குப் பிடித்த சோதனை. எண்ணெயை மாற்றச் சொன்னேன், டின்னை நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணெய் விலை கூடுதல் என்று அக்கா முனகினார். பொரியலுக்கு வழக்கமான செம்பனை எண்ணெய், தாளிப்புக்கும் குழம்புக்கும் தவிட்டு எண்ணெய் என்று அவர்களாகவே ஒரு சமரசம் செய்துகொண்டார்கள்.

கடையில் இன்னொருவர் இதையே மாத்திரையாக, வெறும் பொடியாகக் கேட்டார். அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சுத்தமான ஸ்டெரால் மெழுகுத் தூள் மாதிரி, பளிங்காக உறைந்திருக்கும். எண்ணெயிலும் லேசில் கரையாது, மைசெல்லிலும் ஏறாது. 1950-களில் அமெரிக்காவில் மருந்தாகக் கொடுத்தபோது ஒரு நாளைக்குப் பத்து கிராமுக்கு மேல் விழுங்க வேண்டியிருந்தது இதனால்தான். கொழுப்பு அமிலத்தோடு இணைத்து எஸ்டராக்கினால் எண்ணெயில் கரைந்துவிடும், குடலில் நொதி அதைப் பிரித்துவிடும் என்ற வழி வந்த பிறகுதான் 2 கிராம் போதுமானதாயிற்று. பின்லாந்தில் 1995-இல் ஸ்டெராலின் நெருங்கிய உறவான ஸ்டானாலை இப்படி எஸ்டராக்கி, மார்ஜரினில் கலந்து கடைக்குக் கொண்டுவந்தார்கள். லேபிளைப் படிக்கும்போது இதையும் பாருங்கள். எஸ்டர் என்று போட்டிருந்தால் அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவுதான் ஸ்டெரால். 2 கிராம் எஸ்டர் என்பது 1.2 கிராம் ஸ்டெரால்.

மாத்திரை

4.15 என்பது அவர் வயதுக்கும், ரத்த அழுத்தத்துக்கும், இருபது வருஷம் பிடித்த சிகரெட்டுக்கும் போதாது. டாக்டர் சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் தொடங்கினார். லோரிக்காரருக்கு வருத்தம், பால் தோற்றுவிட்டது என்று. தோற்கவில்லை. மாத்திரை ஈரலின் உற்பத்தியை அடைக்கிறது, ஸ்டெரால் குடலின் வரவை அடைக்கிறது. வேறு வேறு வாசல். மாத்திரையோடு சேர்த்து ஸ்டெரால் போனால் எல்டிஎல் இன்னும் பத்து சதவீதம் சொச்சம் இறங்கும், மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கினாலும் கிடைப்பது ஆறு சதவீதம்தான். இப்போது இரண்டும் ஓடுகிறது, கடைசிச் சீட்டில் எல்டிஎல் 2.7. ஸ்டெரால் மாரடைப்பைக் குறைக்கும் என்று நேராகக் காட்டிய சோதனை எதுவும் இல்லை, மாத்திரைக்கு உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் மாத்திரையை வாங்குங்கள் என்று பச்சையாகவே சொல்லிவிட்டேன். மகன் இரண்டுக்கும் பணம் அனுப்புகிறார்.

ஸ்டெரால் கொலஸ்ட்ராலை மட்டும் மறிப்பதில்லை. கரோட்டின் போன்ற எண்ணெயில் கரையும் சத்துகளும் அதே வண்டியில்தான் ஏற வேண்டும். ரத்தத்தில் கரோட்டின் பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் குறையும். பூசணி, முருங்கைக்கீரை, பப்பாளி என்று நாளைக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரம் நிற்கிறது, செலவில்லை.

போன மாதம் டின் வாங்க வந்தபோது, இந்த முறை பத்து நாள் ஆவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது என்றார். கரண்டி கூடிவிட்டதோ என்று விசாரித்தேன். இல்லை, மகள் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் மூன்று வயதுப் பேத்திக்கும் பாட்டி அதிலேயே ஒரு கிளாஸ் கலக்கிக் கொடுத்திருக்கிறார். டின்னின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்த வரியைக் காட்டினேன்: ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும் ஏற்றதல்ல. வளரும் பிள்ளைக்கு கொலஸ்ட்ராலும் வேண்டும், கரோட்டினும் வேண்டும். லோரிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, பேத்திக்கென்று சாதாரண பால்மாவு ஒரு பாக்கெட்டைத் தனியாக எடுத்து வைத்தார்.